முகூர்த்தத்துக்கு நிக்கல்-ஜிங்க் செல்: பிளாஷில் போடுவது எப்படி, சீக்கிரம் சாகாமல் காப்பது எப்படி

கோபி, பெருந்துறை பக்கத்து மண்டபங்களில் கல்யாணப் படம் எடுப்பவர்களுக்கு இந்தத் தொல்லை பழக்கமானது. இணைச்சீர் வரைக்கும் பிளாஷ் ஒழுங்காக அடிக்கும். தாலி கட்டும் நேரத்தில் அடுத்தடுத்து நாலு படம் எடுத்தால் மூன்றாவது படம் இருட்டாக வரும். செல் தீர்ந்துபோகவில்லை. பிளாஷுக்குள் இருக்கும் மின்தேக்கி திரும்ப நிறைவதற்குள் பொத்தானை அழுத்திவிட்டோம், அவ்வளவுதான். அது வேகமாக நிறைய வேண்டும் என்பதற்காகத்தான் சிலர் நிக்கல்-ஜிங்க் செல் வாங்குகிறார்கள். வாங்கி ஒரு சீசனுக்குள் தூக்கியும் போடுகிறார்கள்.

முதலில் லேபிளைப் படியுங்கள்

நாம் வழக்கமாகப் போடும் நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு செல் 1.2 வோல்ட். நிக்கல்-ஜிங்க் 1.6 வோல்ட். முன்னதில் மில்லிஆம்ப்-ஹவர் என்று போட்டிருக்கும், பின்னதில் பெரும்பாலும் மில்லிவாட்-ஹவர் என்று இருக்கும். 2500 என்று பெரிய எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம். 2500-ஐ 1.6-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 1560 மில்லிஆம்ப்-ஹவர்தான். 2000 மில்லிஆம்ப்-ஹவர் ஹைட்ரைடு செல்லை 1.2-ஆல் பெருக்கினால் 2400 மில்லிவாட்-ஹவர். இரண்டிலும் இருக்கும் ஆற்றல் கிட்டத்தட்ட ஒன்றுதான். கூடுதலாகக் கிடைப்பது வோல்டேஜ் மட்டுமே. அதனால் படங்களின் எண்ணிக்கை பெரிதாகக் கூடாது. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் காத்திருக்கும் நேரம் குறையும்.

பிளாஷ் தாங்குமா என்று பாருங்கள்

முழு சார்ஜில் ஒரு நிக்கல்-ஜிங்க் செல் 1.85 வோல்ட் வரை காட்டும். நான்கு சேர்ந்தால் 7.4. புது அல்கலைன் நான்கு போட்டால் 6.4 வரும், ஹைட்ரைடு 5.6 வரும். பிளாஷின் கையேட்டில் இந்த வகை செல் கூடாது என்று போட்டிருந்தால் அத்தோடு விட்டுவிடுங்கள். போடலாம் என்றாலும் முழு பவரில் விடாமல் அடிக்காதீர்கள். சீக்கிரம் நிறைகிறது என்றால் சீக்கிரம் சூடாகவும் செய்கிறது. நாலைந்து படத்துக்கு ஒருமுறை கொஞ்சம் நிறுத்துங்கள். இரண்டு செல் போடும் சின்ன டார்ச், பொம்மை, ரிமோட் இதிலெல்லாம் 3.7 வோல்ட் ஏறும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சார்ஜர் தனி

இதில் சமரசமே கூடாது. நிக்கல்-ஜிங்க் சார்ஜர் ஒரு செல்லை 1.9 வோல்ட் வரை ஏற்றி அங்கேயே பிடித்து, மின்னோட்டம் குறைந்ததும் நிறுத்தும். ஹைட்ரைடு செல்லை அதில் வைத்தால் அது 1.9-ஐத் தொடவே தொடாது. சார்ஜர் ஏற்றிக்கொண்டே இருக்கும், செல் கொதிக்கும். இதையே மாற்றிச் செய்தாலும் கேடுதான். உதவிக்கு வரும் பையன் அவசரத்தில் மாற்றி வைக்காமல் இருக்க, இரண்டு சார்ஜருக்கும் வேறு வேறு நிறத்தில் டேப் ஒட்டிவிடுங்கள். பச்சை விளக்கு வந்ததும் செல்லை எடுத்துவிடுங்கள், ராத்திரி முழுக்க விட வேண்டாம்.

ஏன் சீக்கிரம் சாகிறது

கூடுதல் வோல்டேஜைத் தருவது துத்தநாகம். இரண்டு வகை செல்லிலும் நேர்முனை ஒரே நிக்கல் சேர்மம்தான், எதிர்முனைதான் வேறு. ஆயுளைக் குறைப்பதும் அதே துத்தநாகம்தான். ஹைட்ரைடு செல்லில் உலோகக் கலவை கரையாமல் அப்படியே இருக்கும், ஹைட்ரஜன் மட்டும் உள்ளே போய் வரும். இங்கே மின்சாரம் எடுக்க எடுக்கத் துத்தநாகத்தில் ஒரு பங்கு பொட்டாஷ் காரத்தில் கரைகிறது. சார்ஜ் ஏற்றும்போது திரும்பிப் படிகிறது, ஆனால் எழுந்த இடத்திலேயே வந்து உட்காருவதில்லை. பந்தியில் எழுந்தவர்கள் திரும்பி வந்து எல்லாரும் ஒரே மூலையில் நெருக்கியடித்து உட்கார்ந்த மாதிரி, ஓரிடத்தில் குவிகிறது, இன்னோரிடம் காலியாகிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் கொள்ளளவு கொஞ்சம் குறைகிறது. சில இடங்களில் ஊசியாக வளர்ந்து நடுவில் இருக்கும் பிரிப்பானைத் துளைத்து எதிர்ப்பக்கத்தைத் தொட்டால், செல் உள்ளுக்குள்ளேயே ஷார்ட்.

எடிசன் 1901-லேயே இந்தச் சேர்க்கைக்குக் காப்புரிமை வாங்கினார். அயர்லாந்தில் டிரம் என்பவர் செய்த நிக்கல்-ஜிங்க் பேட்டரியில் 1932 முதல் 1949 வரை ரயிலே ஓடியது. கரைந்த துத்தநாகத்தை அதே இடத்துக்கு வரவைக்கும் சிக்கல் அன்றைக்கும் இருந்தது. இன்றைக்குக் காரத்திலும் மின்முனையிலும் சேர்க்கும் பொருள்களால் அதைக் குறைத்திருக்கிறார்கள், நீக்கிவிடவில்லை.

பிளாஷ் சொல்வதை நம்பாதீர்கள்

"ஏனுங்கண்ணா, பேட்டரி புல்லுன்னு காட்டுதுங்க, எதுக்குங்க மாத்தறது?" என்று பையன் கேட்பான். பிளாஷின் பேட்டரிக் குறி 1.2, 1.5 வோல்ட் செல்லுக்காக வைத்தது. நிக்கல்-ஜிங்க் 1.6-ல் நெடுநேரம் நின்றுவிட்டுக் கடைசியில் சடாரென்று சரியும். ஹைட்ரைடு கணக்கில் ஒரு வோல்ட் வரை பிளாஷ் உறிஞ்சும், அதற்கு முன்பே இந்தச் செல்லுக்குக் கேடு வந்துவிடும். நான்கும் ஒரே வரிசையில் இருப்பதால், பலம் குறைந்த ஒன்று முதலில் காலியாகி, மற்ற மூன்றும் அதன் நேர்முனை எதிர்முனையாக மாறும் அளவுக்கு அதைத் தலைகீழாகத் தள்ளும். அப்படி ஒருமுறை தள்ளப்பட்ட செல் பழைய நிலைக்குத் திரும்புவது அபூர்வம்.

அதனால் நேரத்தை வைத்து மாற்றுங்கள். முகூர்த்தம் முடிந்ததும் கழற்றி, கொஞ்ச நேரம் ஆறவிட்டு மல்டிமீட்டரில் ஒவ்வொன்றாக அளந்து பாருங்கள். ஓய்வில் 1.6-க்கு அருகில் வந்துவிட்டால் போதும், அதற்குக் கீழே இழுக்காதீர்கள்.

நான்கு செல்லுக்கும் மார்க்கரில் அ1, அ2, அ3, அ4 என்று எழுதி எப்போதும் ஒன்றாகவே போடுங்கள். ஒரு உதாரணம்: வேலை முடிந்து அளந்தால் 1.68, 1.67, 1.68, 1.52 என்று வருகிறது. அ4 மேல் சந்தேகம். சரி, உடனே தூக்கிப் போட வேண்டாம். நான்கையும் சார்ஜ் செய்து ஒரு ராத்திரி சும்மா வைத்துவிட்டு மறுபடி அளக்கவும். மற்ற மூன்றும் 1.82-ஐ ஒட்டி நிற்க, அ4 மட்டும் 1.7-க்கு இறங்கியிருந்தால் உள்ளே கசிவு தொடங்கிவிட்டது. சார்ஜரில் அது மட்டும் ரொம்பச் சீக்கிரம் முடிந்தாலும், முடியாமல் சூடாகிக்கொண்டே இருந்தாலும் சந்தேகம் உறுதி. அ4 இருந்த இடத்தில் புது செல்லைச் சேர்க்காதீர்கள். புதியதின் பலத்தில் பழைய மூன்றும் அடுத்தடுத்துத் தலைகீழாகும். மீதி மூன்றையும் ஒற்றைச் செல் போடும் சாமானுக்கு ஒதுக்கிவிட்டு, புதிதாக நான்கு வாங்குங்கள்.

வைக்கும் இடம்

சூட்டில் துத்தநாகம் காரத்தோடு வேகமாக வினை புரிந்து ஹைட்ரஜனை விடும், சார்ஜும் தானாக இறங்கும். மே மாசம் ஈரோட்டு வெயிலில் காரின் டிக்கியில் செல்பெட்டியைப் போட்டுவிட்டு சாப்பிடப் போகாதீர்கள். ஆடியில் முகூர்த்தம் இருக்காது, அந்த மாதம் முழுக்க பிளாஷுக்குள்ளேயே செல் கிடந்தால் தானாக இறங்கி, காரமும் கசிந்து தகடு பச்சை பிடிக்கும். கழற்றி, முழுதாக ஏற்றி, நிழலில் வைத்து, மாதம் ஒருமுறை திரும்ப ஏற்றுங்கள். முனையில் வெள்ளைப் பொடி தெரிந்தால் கையில் தொடாமல், மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.

ரிசப்ஷனுக்கு இந்தச் செல் தேவையே இல்லை. மேடையில் ஒவ்வொரு குடும்பமாக வந்து நிற்பதற்குள் ஹைட்ரைடு செல் தாராளமாக நிறைந்துவிடும். நாலு மணி நேரம் அதை ஓடவிட்டு, நிக்கல்-ஜிங்க் செல்லைத் தாலி கட்டும் அரை மணி நேரத்துக்கு மட்டும் பையிலிருந்து எடுங்கள்.