மாமாவிடம் கடன் கேட்டு எழுதும் கடிதம்: எங்கே தவறுகிறது?

சொந்த மாமாவிடம் பணம் கேட்க ஒரு போன் போதாதா என்று தோன்றலாம். போதும்தான். ஆனால் போனில் கேட்டால் அவர் அந்த நிமிடமே பதில் சொல்லியாக வேண்டும். தொகை, மாதம், தேதி எல்லாம் காற்றோடு போய்விடும். அவர் அத்தையிடம் விஷயத்தைச் சொல்லும்போது பாதி மாறியிருக்கும். எழுதிக் கொடுத்தால் இரண்டு பேரும் சேர்ந்து படித்து, கணக்குப் போட்டுப் பார்த்து, நிதானமாக முடிவு செய்வார்கள். ஒரு தாளில் எழுதினாலும் சரி, வாட்ஸ்அப்பில் நீளமாக அனுப்பினாலும் சரி, பிழை நேரும் இடங்கள் ஒன்றுதான்.

ஒரு உதாரணத்தை வைத்தே பார்ப்போம். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கும் 24 வயதுப் பையன். அம்மாவின் இரண்டு பவுன் சங்கிலி அடகுக் கடையில் 50,000 ரூபாய்க்கு இருக்கிறது. இரண்டு வட்டி. அதாவது மாதம் 1,000 ரூபாய் வட்டி மட்டும் போகிறது, அசல் அப்படியே நிற்கிறது. பையன் கையில் 8,000 சேர்த்து வைத்திருக்கிறான். மீதி 42,000 ரூபாயைக் கிருஷ்ணகிரியில் மளிகைக் கடை வைத்திருக்கும் தாய்மாமாவிடம் கேட்க வேண்டும்.

முதல் தவறு, தொகையைக் கடைசிப் பக்கத்தில் ஒளித்து வைப்பது. நலம் விசாரிப்பு, ஊர்க்கதை, விலைவாசி, அம்மாவின் முட்டி வலி எல்லாம் முடிந்து "அதனால் உங்களால் முடிந்ததைச் செய்தால்" என்று முடிகிற கடிதங்களே அதிகம். படிக்கிறவருக்கு இரண்டாவது வரியிலேயே பணம் கேட்கப் போகிறான் என்று புரிந்துவிடும். எவ்வளவு என்று தெரியாமல் மீதி முழுவதையும் பதற்றத்தோடு படிப்பார். "முடிந்ததை" என்றால் அவர் 10,000 கொடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று இருந்துவிடலாம். அந்த 10,000த்தை வைத்துச் சங்கிலியை மீட்கவும் முடியாது, திருப்பிக் கொடுக்கவும் மனம் வராது. அதனால் வணக்கத்துக்கு அடுத்த வரியிலேயே தொகை வரட்டும். அதுவும் 50,000 என்று வட்டமாக வேண்டாம். 42,000 என்று எழுதி, மீதி 8,000 என் பணம் என்று சொன்னாலே இவன் கணக்குப் போட்டுத்தான் வந்திருக்கிறான் என்று தெரியும்.

அடுத்தது பெரிய தவறு. திருப்பிக் கொடுக்கும் திட்டத்தை நல்ல மாதத்தை வைத்துப் போடுவது. இந்தப் பையனுக்குப் பி.எஃப்., இ.எஸ்.ஐ., கேன்டீன் பிடித்தது போகக் கையில் வருவது 17,500. ஓ.டி. நிறைய கிடைத்த மாதத்தில் 21,000 வந்தது. வீட்டுக்கு 4,500, அறை வாடகை 3,000, சாப்பாடு 3,500, பஸ், போன், இதர செலவு 1,500. ஆக 12,500. ஓ.டி. மாதத்தைப் பார்த்தால் 8,500 மிச்சம். உடனே கை துறுதுறுவென்று "மாதம் 7,000, ஆறே மாதத்தில் முடித்துவிடுகிறேன்" என்று எழுதிவிடும். கேட்க நன்றாக இருக்கும். மாமாவும் சந்தோஷமாகக் கொடுப்பார். மூன்றாவது மாதம் கம்பெனிக்கு ஆர்டர் குறைந்து ஓ.டி. நின்றால் மிச்சம் 5,000தான். 7,000 எங்கிருந்து வரும்?

சரி, ஓ.டி.யை விட்டுவிட்டு 5,000 தருகிறேன் என்று எழுதலாமா? அதுவும் சரியில்லை. அந்த 17,500க்குள் அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் 1,000 ஒளிந்திருக்கிறது. காய்ச்சல் என்று ஒரு நாள் லீவு போட்டால் அது முழுதாகப் போய்விடும். அதோடு ஒரு நாள் சம்பளம் ஏறக்குறைய 700 ரூபாய். அந்த மாதம் கையில் 15,800, செலவு போக மிச்சம் 3,300. ஆகவே இவன் வாக்குக் கொடுக்க வேண்டிய தொகை 3,000தான். லீவு விழுந்த மாதத்திலும் கொடுக்க முடிகிற தொகையே தவணை. 42,000க்கு 14 மாதம் ஆகும். ஆறு மாதத்தை விட நீளம்தான், பரவாயில்லை. தீபாவளி போனஸ் வந்தால் 6,000 சேர்த்துக் கட்டி இரண்டு தவணையைக் குறைக்கலாம். போனஸும் ஓ.டி.யும் கடனைச் சீக்கிரம் முடிக்க உதவட்டும். திட்டம் அவற்றின் மேல் நிற்கக் கூடாது.

இந்தக் கணக்கை மாமா படிக்கும்போது அவர் மனதில் ஒரு கேள்வி எழும். "மாதம் 3,000 மிச்சம் பிடிக்க முடியும் என்றால் இத்தனை நாள் ஏன் பிடிக்கவில்லை?" பெரும்பாலான கடிதங்கள் இதற்குப் பதில் சொல்வதே இல்லை. மொத்தத் திட்டமும் நம்பும்படி இல்லாமல் போவது இந்த இடத்தில்தான். இவன் விஷயத்தில் பதில் இருக்கிறது: பைக் டியூ 3,200 போன மாதத்தோடு முடிந்தது, அடகு வட்டி 1,000 இனிமேல் நிற்கப் போகிறது. ஒரு வரி எழுதினால் போதும். பதிலே இல்லாதவர்கள் முதலில் இரண்டு மாதம் அந்த 3,000த்தைத் தனியாக எடுத்து வைத்துப் பார்த்துவிட்டு எழுதுவது நல்லது.

இன்னொரு கேள்வி: "வேலை போய்விட்டால்?" கேட்கச் சங்கடப்பட்டு மாமா கேட்காமல் இருக்கலாம், ஆனால் நினைப்பார். மீட்ட சங்கிலியே இதற்குப் பதில். அப்படி ஒரு நிலை வந்தால் அதைக் கூட்டுறவு வங்கியில் குறைந்த வட்டிக்கு வைத்து மாமாவின் பாக்கியை முடிப்பதாக எழுதலாம். ஆனால் சங்கிலி அம்மாவுடையது. அவரைக் கேட்காமல் இந்த வரியை எழுதக் கூடாது. எழுதினால் அக்காவுக்கும் தம்பிக்கும் நடுவில் வேறு சண்டை கிளம்பும்.

தேதியிலும் கோட்டை விடுவார்கள். சம்பளம் 7ஆம் தேதி வருகிறது என்று தெரிந்தும் "மாதா மாதம் ஒன்றாம் தேதி" என்று எழுதுவது பழக்க தோஷம். முதல் தவணையே ஆறு நாள் தாமதமாகும். 10ஆம் தேதி என்று எழுதினால் 7ஆம் தேதி ஞாயிறாக இருந்தாலும் சமாளிக்கலாம். பணம் எப்போது தேவை என்பதையும் காரணத்தோடு சொல்ல வேண்டும். பல அடகுக் கடைகளில் அடுத்த மாதம் பிறந்து ஒரு நாள் ஆனாலும் முழு மாத வட்டி எடுத்துக்கொள்வார்கள். அதனால் "25ஆம் தேதிக்குள்" என்பதற்கு அர்த்தம் உண்டு. "அவசரம், உடனே வேண்டும்" என்பதற்கு இல்லை.

இனிப் பேச்சுத் தொனி. தாய்மாமாவுக்கு எழுதும்போது மட்டும் வருகிற ஒரு சிக்கல் இது. காது குத்து, சடங்கு, கல்யாணம் என்று சீர் செய்கிற உறவு. "நீங்கள் செய்யாமல் வேறு யார் செய்வார்கள்", "அம்மா உங்களுக்காக எவ்வளவு விட்டுக்கொடுத்தாள்" என்றெல்லாம் எழுதினால், கடன் சீர்க் கணக்கில் போய் விழுந்துவிடும். அவர் கொடுப்பார், ஆனால் திரும்பி வரும் என்று எதிர்பார்க்க மாட்டார். அடுத்த விசேஷத்தில் "அப்போதே கொடுத்தேனே" என்று வேறு விதமாக வெளியே வரும். "அத்தைக்குத் தெரிய வேண்டாம்" என்று எழுதுவதும் அதே வகை. கடைக் கணக்கை அத்தை பார்க்கிற வீட்டில் 42,000 ரூபாயை எப்படி மறைப்பது? மாமாவைத் திருடனாக்குகிற வேலை அது.

வட்டியைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல் விடுவதும் சரியில்லை, இரண்டு வட்டி தருகிறேன் என்று கடைக்காரரிடம் பேசுவது போல எழுதுவதும் சரியில்லை. பணம் வங்கியில் இருந்தால் என்ன வட்டி வருமோ அதைச் சேர்த்துத் தருகிறேன் என்று ஒருமுறை சொல்லிவிட்டு முடிவை அவரிடம் விட்டுவிடலாம். பெரும்பாலான மாமாக்கள் "போடா" என்பார்கள். சொல்லாமல் இருந்தால்தான் குறை.

இத்தனையும் சேர்த்து எழுதினால் கடிதம் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும்:

> அன்புள்ள மாமாவுக்கு,
>
> வணக்கம். இங்கு நான் நலம். நீங்கள், அத்தை, பிள்ளைகள் நலமா?
>
> உங்களிடம் 42,000 ரூபாய் கடனாகக் கேட்டு இதை எழுதுகிறேன். அம்மாவின் சங்கிலி 50,000 ரூபாய்க்கு அடகில் இருக்கிறது. மாதம் 1,000 ரூபாய் வட்டி போகிறது. என்னிடம் 8,000 இருக்கிறது. இந்த மாத வட்டியை நானே கட்டிவிடுவேன். 25ஆம் தேதிக்குள் மீட்டால் அடுத்த மாத வட்டி விழாது.
>
> எனக்குக் கையில் வரும் சம்பளம் 17,500. வீட்டுக்கு அனுப்புவதும் என் செலவும் சேர்ந்து 12,500. பைக் டியூ போன மாதத்தோடு முடிந்துவிட்டது. அதனால் ஜூலை முதல் மாதம் 3,000 ரூபாய், 10ஆம் தேதி உங்கள் கணக்குக்கு அனுப்புகிறேன். 14 தவணை, அடுத்த ஆகஸ்டில் முடியும். தீபாவளி போனஸ் வந்தால் 6,000 கூடுதலாகக் கட்டி ஜூனிலேயே முடிப்பேன். வேலையில் ஏதாவது தடங்கல் வந்தால் சங்கிலியைக் கூட்டுறவு வங்கியில் வைத்துப் பாக்கியைத் தந்துவிடலாம் என்று அம்மாவும் சொல்லிவிட்டார்கள்.
>
> வங்கியில் இருந்தால் வரும் வட்டியையும் தருகிறேன். நடுவில் கடைக்குச் சரக்கு எடுக்க எப்போது பணம் தேவைப்படும் என்று சொன்னால் அதற்கேற்ப மாற்றிக்கொள்கிறேன்.
>
> அத்தையிடமும் பேசிவிட்டுச் சொல்லுங்கள். இப்போது தோதுப்படாது என்றாலும் ஒன்றும் இல்லை மாமா, வேறு வழி பார்த்துக்கொள்கிறேன்.

கடைசி வரி மரியாதைக்காக மட்டும் இல்லை. மறுக்க வழி வைக்காத கடிதத்துக்குப் பதிலே வராது. மாமா போனை எடுக்காமல் நாளைக் கடத்துவார், 25ஆம் தேதி தாண்டிப் போகும்.

பணம் கைமாறும்போது ஒரு தவறு நடக்கும். "கடைக்கு வா, கையில் தருகிறேன்" என்பார் மாமா. 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கடன் வாங்க வருமான வரிச் சட்டம் இடம் தருவதில்லை. சொந்தக்காரர் என்பதற்காகச் சட்டம் விலக்குக் கொடுக்கவில்லை. அபராதம் கடன் தொகை அளவுக்கே போகலாம். வங்கிக் கணக்கு வழியாகவே வாங்கிக்கொள்வது நல்லது. தவணை அனுப்பும்போதும் குறிப்பில் "தவணை 3" என்று எழுதிவிட்டால், எத்தனை முடிந்தது என்று பின்னால் யாரும் யாரையும் கேட்க வேண்டியிருக்காது.

அப்புறம் ஏதோ ஒரு மாதம் 3,000 தேறாமல் போகலாம். 10ஆம் தேதி தாண்டி, மாமா கேட்ட பிறகு காரணம் சொல்வதுதான் தவறு. 7ஆம் தேதி சம்பளம் வந்ததுமே தெரிந்துவிடும். அன்றைக்கே இருக்கிற 2,000த்தை அனுப்பிவிட்டு, "மீதி 1,000 அடுத்த தவணையோடு சேர்த்து 4,000ஆக வரும் மாமா" என்று ஒரு வரி போடுங்கள்.