டெங்கு: பிளேட்லெட் குறையும்போது நாம் செய்யும் தவறுகள்

டெங்கு என்று தெரிந்ததும் வீட்டில் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "பிளேட்லெட் எத்தனை?" என்பதுதான். கேட்க வேண்டிய கேள்விதான், ஆனால் அந்த எண் மட்டும் ஆபத்தைச் சொல்லாது. டெங்குவில் பெரும்பாலான உயிரிழப்புகளுக்குத் தொடக்கம் பிளேட்லெட் குறைவதால் வரும் இரத்தப்போக்கு அல்ல. இரத்தக் குழாய்களிலிருந்து நீர்ப்பகுதி கசிந்து வயிற்றுக்கும் நெஞ்சுக்கும் போய்விடுவதே காரணம். குழாய்க்குள் மிஞ்சும் இரத்தம் தடித்துவிடும், அழுத்தம் விழும், உறுப்புகளுக்கு இரத்தம் போதாமல் போகும். பிளேட்லெட் 100,000க்குக் கீழே போவது இந்தக் கசிவு தொடங்கும் காலம் வந்துவிட்டது என்பதற்கான எச்சரிக்கை. இரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை வீதம் என்று காட்டி, அதன் மூலம் கசிவு எவ்வளவு என்று சொல்லும் எண், அதே இரத்த அறிக்கையில் பி.சி.வி அல்லது எச்.சி.டி என்ற பெயரில் இன்னொரு வரியில் இருக்கிறது. அதை யாரும் பார்ப்பதில்லை.

ஒரு நோயாளியை வைத்துப் பார்ப்போம். கொழும்பில் கடையில் வேலை செய்யும் 26 வயது இளைஞர், எடை 50 கிலோ. வெள்ளிக்கிழமை இரவு ஹட்டன் பக்கத்துத் தோட்டத்து வீட்டுக்கு வருகிறார். சனிக்கிழமை காலை காய்ச்சல். "இந்தக் குளிரில் டெங்கு நுளம்பு ஏது?" என்று வீட்டில் சொல்கிறார்கள். முதல் தவறு இதுதான். கடித்த நுளம்பு கொழும்பு நுளம்பு. கடித்து 4 முதல் 10 நாட்களுக்குள் காய்ச்சல் வரலாம். வைத்தியரிடம் காட்டும்போது, கடந்த இரண்டு வாரம் எங்கே இருந்தார் என்பதைச் சொல்லாவிட்டால் அவருக்கும் தடிமன் காய்ச்சலாகவே தோன்றலாம்.

நாள் எண்ணுவதிலும் பிழை நடக்கிறது. மருந்து எடுத்த நாளிலிருந்து அல்ல, காய்ச்சல் தொடங்கிய நாளிலிருந்து எண்ண வேண்டும். இவருக்குச் சனிக்கிழமை முதலாம் நாள். திங்கட்கிழமை, மூன்றாம் நாளில் எடுத்த எஃப்.பி.சி பரிசோதனையில் பிளேட்லெட் 172,000, வெள்ளை அணுக்கள் 3,900, பி.சி.வி 40. பிளேட்லெட் 150,000க்கு மேல் இருப்பதால் "நோர்மல்" என்று அறிக்கையை மடித்து வைத்துவிட்டால் அடுத்த தவறு. வெள்ளை அணுக்கள் ஏற்கெனவே குறைந்திருக்கின்றன. டெங்குவில் அவை முதலில் விழும், பிளேட்லெட் பின்னால் விழும். ஒரு அறிக்கை ஒரு நாளின் நிலையை மட்டும் காட்டும். மறுநாளும் எடுத்து, முடிந்தவரை அதே ஆய்வுகூடத்தில் எடுத்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மூன்றாம் நாள் பி.சி.வி 40 என்பதை எங்காவது எழுதி வையுங்கள். பிறகு வரும் எண்களை இதோடுதான் ஒப்பிட வேண்டும்.

நான்காம் நாள்: பிளேட்லெட் 118,000, பி.சி.வி 42. இன்னும் 100,000க்குக் கீழே போகவில்லை. நகரத்தில் வைத்தியசாலைக்குப் பக்கத்து வீடென்றால் அடுத்த நாள் காலைவரை பார்க்கலாம் என்று ஒரு வைத்தியர் சொல்லக்கூடும். தோட்டத்தில் அப்படிக் காத்திருக்க வேண்டாம் என்பதே எமது உறுதியான கருத்து. ஒரே நாளில் 54,000 இறங்கியிருக்கிறது. இந்த வேகத்தில் இரவுக்குள் எல்லை கடந்துவிடும். அந்நேரம் மழையில் லயத்திலிருந்து பிரதான வீதிக்கு முச்சக்கரவண்டி தேடுவதை விட, பகல் வெளிச்சத்திலேயே வாட்டில் சேர்ந்துவிடுவது நல்லது.

ஐந்தாம் நாள் காலை காய்ச்சல் விட்டுவிடுகிறது. மிகப் பெரிய தவறு நடப்பது இந்த இடத்தில்தான். "காய்ச்சல் இறங்கிட்டுது, வீட்டுக்குப் போவோம்" என்று துண்டு வெட்டிக் கொண்டு போகிறவர்கள் உண்டு. டெங்குவில் ஆபத்தான 24 முதல் 48 மணித்தியாலம் பெரும்பாலும் காய்ச்சல் விடும் நேரத்தில்தான் தொடங்கும். இவருக்கு அன்று காலை பிளேட்லெட் 82,000, பி.சி.வி 46. மாலையில் பி.சி.வி 48. 40லிருந்து 48 என்றால் 20 வீத உயர்வு, கணிசமான கசிவு நடந்திருக்கிறது என்று பொருள். மயக்கமில்லாமல் பேசிக்கொண்டிருப்பார், ஆனால் இரத்த அழுத்தம் 100/80 என்று இருக்கும். மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் இடைவெளி 20 அல்லது அதற்கும் குறைவாக ஒடுங்குவது, உறுப்புகளுக்கு இரத்தம் போதாமல் போகும் அதிர்ச்சி நிலையின் தொடக்கம். மேல் எண் 100 இருக்கிறதே என்று ஆறுதல் அடையக் கூடாது.

மலையகத்துக்கே உரிய ஒரு தவறும் இருக்கிறது. கைகால் சில்லிட்டால் பனிக்குளிர் என்று கம்பளியைப் போர்த்திவிடுகிறோம். அதே அறையில் இருக்கும் இன்னொருவரின் கையைத் தொட்டு ஒப்பிடுங்கள். நோயாளியின் விரல் நகத்தை 5 விநாடி அழுத்தி விடுங்கள். வெளிறிய இடம் 2 விநாடிக்குள் சிவக்காவிட்டால் உடனே தாதியிடம் சொல்லுங்கள். வீட்டில் என்றால் 1990 அம்புலன்ஸை அழையுங்கள். ஓயாத வயிற்றுவலி, தொடர் வாந்தி, எழுந்து நிற்கத் தலைசுற்றல், அமைதியின்மை, முரசிலோ மூக்கிலோ இரத்தம், கறுப்பு மலம், 6 மணித்தியாலம் சிறுநீர் போகாமை ஆகியவற்றுக்கும் இதே அவசரம்தான், பிளேட்லெட் எத்தனையாக இருந்தாலும். சிறுநீரைக் கண்ணால் மதிப்பிடாமல் அளவு குறித்த போத்தலில் அளக்கலாம். 50 கிலோ உள்ளவருக்கு 6 மணித்தியாலத்தில் குறைந்தது 150 மில்லிலீற்றராவது வர வேண்டும்.

நீராகாரத்தில் இரண்டு பக்கமும் பிழை விடுகிறோம். காய்ச்சல் நாட்களில் குளிருக்குப் பயந்து குடிக்கவே கொடுப்பதில்லை, ஆபத்துக் கட்டத்தில் பயந்து அளவுக்கு மிஞ்சிக் கொடுக்கிறோம். 50 கிலோ உள்ள பெரியவருக்கு 24 மணித்தியாலத்துக்கு எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 2,500 மில்லிலீற்றர் போதும். வெறும் தண்ணீராக அல்லாமல் ஜீவனி, கஞ்சி, செவ்விளநீர், பால் என்று கொடுக்க வேண்டும். கசிவுக் கட்டத்தில் சேலைனையும் வாயால் குடிப்பதையும் சேர்த்துத்தான் வைத்தியர் கணக்கிடுகிறார். பார்வை நேரத்தில் சொல்லாமல் கொடுக்கும் ஒரு போத்தல் இளநீர் அந்தக் கணக்கைக் குழப்பிவிடும். கூடிய நீர் நுரையீரலைச் சுற்றித் தேங்கி மூச்சுத் திணறலில் கொண்டுபோய் விடும். ஒவ்வொரு கோப்பையையும் எழுத வையுங்கள். சிவப்பு, கறுப்பு நிறப் பானங்களும் பீற்றூட்டும் வேண்டாம். வாந்தி எடுத்தால் இரத்தமா இல்லையா என்று தெரியாமல் போகும்.

ஆறாம் நாள் பிளேட்லெட் 31,000, பி.சி.வி 45. ஏழாம் நாள் 22,000. உறவினர்கள் பதறுவது இன்றைக்குத்தான். ஆனால் இன்று பி.சி.வி 40, வெள்ளை அணுக்கள் 4,500க்கு ஏறிவிட்டன, பசிக்கிறது என்கிறார், சிறுநீர் தாராளமாகப் போகிறது. கசிந்த நீர் குழாய்க்குத் திரும்புகிறது. மிகக் குறைந்த பிளேட்லெட்டைக் காட்டும் இந்த நாள், 82,000 காட்டிய ஐந்தாம் நாளை விடப் பாதுகாப்பானது. இதே பி.சி.வி இறக்கம், கைகள் குளிர்ந்து நாடி வேகமாகத் துடிக்கும் ஒருவரிடம் நடந்தால் பொருள் வேறு: உள்ளே எங்கோ இரத்தம் கசிகிறது. உடனே இரத்தம் ஏற்ற வேண்டியிருக்கலாம்.

இரத்தப்போக்கு இல்லாதவருக்கு "பிளேட்லெட் ஏற்றுங்கள்" என்று வைத்தியரை வற்புறுத்துவதும் தவறு. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நடந்து 2017இல் வெளியான ஆய்வில், அப்படி முற்கூட்டி ஏற்றியதால் இரத்தப்போக்கு குறையவில்லை, பக்க விளைவுகளே கூடின. பப்பாளி இலைச் சாறு கசிவை நிறுத்தாது. வாந்தியை வேண்டுமானால் கூட்டும்.

காய்ச்சலுக்குப் பெரசிட்டமோல் மட்டும்: பெரியவருக்கு 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்று அல்லது இரண்டு, 6 மணித்தியாலத்துக்கு ஒருமுறை, அதற்கு மேல் இல்லை. எடை குறைந்தவர்களுக்கும் ஈரல் நோய் உள்ளவர்களுக்கும் அளவை வைத்தியர் சொல்ல வேண்டும். டைக்ளோபினாக், இபுபுரோபென், மெபனமிக் அசிட், அஸ்பிரின் எதுவும் வேண்டாம். இதய நோய்க்காக அஸ்பிரின் பாவிப்பவர் தானாக நிறுத்தாமல் அன்றே வைத்தியரிடம் கேட்க வேண்டும்.

எட்டாம் நாள் பிளேட்லெட் 36,000, ஒன்பதாம் நாள் 64,000. ஏறத் தொடங்கினால் இப்படி வேகமாகவே ஏறும். இந்நாட்களில் உள்ளங்கையிலும் காலிலும் கடுமையான அரிப்பு வரலாம், சிவந்த தோலில் வெள்ளைத் திட்டுகள் தெரியலாம். அது குணமாகும் அறிகுறி, ஒவ்வாமை என்று ஊசி போட ஓட வேண்டியதில்லை.