நீண்ட கொள்கை அறிக்கையை ஒரு பக்கக் குறிப்பாக்குவது எப்படி? யானை–மனித மோதல் திட்டத்தை வைத்து ஒரு செய்முறை

வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் படிக்கிற பிள்ளைகளிடம் ஒரு தடித்த கொள்கை அறிக்கையைக் கொடுத்து, ஒரு பக்கக் கொள்கைக் குறிப்பு கேட்பார்கள். பலர் கொண்டுவருவது அறிக்கையின் சுருக்கம். சுருக்கம் என்றால் அறிக்கை என்ன சொல்கிறது என்று தெரிந்தால் போதும். கொள்கைக் குறிப்பை வாசிக்கிறவருக்கோ தான் எடுக்கவேண்டிய முடிவு தெரியவேண்டும். இரண்டும் வேறு வேலை.

நமக்குப் பழக்கமான ஒன்றை எடுத்துச் செய்து பார்ப்போம். 2020இல் கலாநிதி பிரித்திவிராஜ் பெர்னாண்டோ தலைமையில் ஜனாதிபதி நியமித்த குழு, யானை–மனித மோதலைக் குறைப்பதற்கான தேசிய செயற்றிட்டம் ஒன்றைத் தயாரித்தது. வெல்லாவெளி, உன்னிச்சை, திருக்கோவில் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இந்த விடயத்தை விளக்கத் தேவையில்லை. அதனால் எழுதும் முறையில் மட்டும் கவனம் வைக்கலாம்.

படி 1: யாருக்கு எழுதுகிறீர்கள்?

அறிக்கையைத் திறக்க முன்னரே இதை முடிவு செய்யுங்கள். "அரசாங்கத்துக்கு" என்றால் யாருக்கும் இல்லை என்று அர்த்தம். நாம் ஒரு பிரதேச செயலாளருக்கு எழுதுவதாக வைத்துக்கொள்வோம். பெரும்போகத்துக்கு முன் ஆரம்பக் கூட்டம் நடக்கும். விதைக்கிற திகதி, மாடுகளை வயலிலிருந்து அப்புறப்படுத்துகிற திகதி எல்லாம் அங்கேதான் தீர்மானமாகும். கமநல சேவைகள் நிலைய அதிகாரிகள், விவசாய அமைப்புகள், வட்டவிதானைமார் எல்லோரும் இருப்பார்கள். அந்தக் கூட்டத்தில் எடுக்கக்கூடிய முடிவு ஒன்றுதான் உங்கள் குறிப்பின் இலக்கு. தேசியப் பூங்காவின் எல்லையை மாற்றுவது பிரதேச செயலாளரின் கையில் இல்லை. அது அறிக்கையில் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் உங்கள் பக்கத்தில் இடம் பெறாது.

படி 2: வாசிப்பு

முதலில் சுருக்கத்தையும் பரிந்துரைகளையும் வாசியுங்கள். பிறகு முழுவதையும் வாசிக்கும்போது ஓரத்தில் மூன்றே குறிகள்: பிரச்சினைக்குக் காரணம் சொல்கிற இடத்தில் "பி", செய்யக்கூடிய வழி வருகிற இடத்தில் "வ", அந்த வழி சரிவந்ததா இல்லையா என்ற சான்று வருகிற இடத்தில் "சா". பக்க எண்ணையும் கொப்பியில் எழுதிவையுங்கள். "சா" குறி விழாத வழியை ஆதாரமில்லாமல் பரிந்துரைக்க முடியாது என்பது வாசிக்கும்போதே தெரிந்துவிடும்.

படி 3: பிரச்சினையை எழுதுவது

அதிக நேரம் இதற்குத்தான் போகவேண்டும். புதிதாக எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இப்படித் தொடங்குவார்கள்:

"இலங்கையில் யானை–மனித மோதல் பாரிய பிரச்சினையாகும். 2019இல் 400க்கு மேற்பட்ட யானைகளும் 120க்கு மேற்பட்ட மனிதர்களும் இறந்தனர். எமது பிரதேசத்தில் போதிய மின்வேலி இல்லை."

எண்கள் சரி. ஆனால் அவை நாடு முழுவதற்குமான எண்கள். பிரதேச செயலாளருக்குத் தன் பிரிவின் கணக்கு வேண்டும். அதைக் கமநல சேவைகள் நிலையத்திலும் வனஜீவராசிகள் அலுவலகத்திலும் கேட்டு எடுங்கள். கிடைக்காவிட்டால் நாட்டுக் கணக்கை உள்ளூர்க் கணக்குப்போலக் காட்டாமல், "நாடு முழுவதும்" என்று தெளிவாக எழுதுங்கள்.

மூன்றாவது வசனத்தில் இருக்கிற பிழை இதைவிடப் பெரிது. "வேலி இல்லை" என்பது பிரச்சினை அல்ல, பிரச்சினையின் உருவில் வந்த தீர்வு. அப்படி எழுதினால் அடுத்த பகுதிக்கு வேலி போடு என்ற ஒரே வழிதான் மிஞ்சும். வேலி இருக்கிற இடத்திலும் யானை ஏன் வருகிறது என்ற கேள்வி எழவே எழாது.

அந்தக் கேள்விக்கு அறிக்கையில் விடை இருக்கிறது. மின்வேலிகள் பல, வனஜீவராசிகள் திணைக்களக் காணிக்கும் வனத் திணைக்களக் காணிக்கும் இடையிலான எல்லையில், காட்டுக்குள்ளேயே போடப்பட்டவை. அங்கே வேலியின் இரண்டு பக்கமும் காடு, இரண்டு பக்கமும் யானை. ஊரிலிருந்து தூரம் என்பதால் கம்பியில் படர்ந்த செடிகொடியை வெட்டவும் ஆளில்லை. பச்சைக்கொடி கம்பியில் பட்டால் மின்சாரம் நிலத்துக்குக் கசிந்து அதிர்ச்சி குறைந்துவிடும், யானை அதைச் சீக்கிரமே கண்டுகொள்ளும். இப்போது திருத்தி எழுதுவோம்:

"கதிர் முற்றும் காலத்தில் காட்டோர வட்டைகளில் யானைகள் இறங்குகின்றன. தற்போதைய வேலி காட்டுக்குள் இருப்பதால் வயலுக்கும் யானைக்கும் நடுவில் தடை இல்லை. அதைப் பராமரிக்கும் பொறுப்பும் வயல்காரரிடம் இல்லை."

மூன்று வசனம். காரணம் வந்துவிட்டது, தீர்வு இன்னும் வரவில்லை. உங்கள் பிரிவில் வேலி உண்மையிலேயே எங்கே போகிறது என்று நேரில் பார்த்த பிறகே இப்படி எழுதவேண்டும்.

படி 4: தெரிவுகள்

மூன்று போதும். அதில் ஒன்று "இப்போது இருப்பதைத் தொடர்வது". மற்ற இரண்டும் ஒருவர் உண்மையிலேயே ஆதரிக்கக்கூடியவையாக இருக்கட்டும். தோற்பதற்கென்றே ஒன்றை நிறுத்தினால் அனுபவமுள்ள அதிகாரி உடனே பிடித்துவிடுவார்.

நம் மூன்றும் இவை: இருக்கும் வேலியோடும் யானை வெடியோடும் தொடர்வது, யானைகளைப் பாதுகாக்கப்பட்ட காட்டுக்கு விரட்டுவது, வட்டையைச் சுற்றி விதைப்போடு போட்டு அறுவடை முடிய அகற்றும் பருவகால வேலி. எல்லாவற்றிடமும் ஒரே கேள்விகளைக் கேளுங்கள். பயிரைக் காக்குமா? யார் பராமரிப்பது? இந்தப் போகத்துக்குள் முடியுமா?

விரட்டுவது கூட்டத்தில் கைதட்டு வாங்கும். ஆனால் விரட்டும்போது பெண்யானைகளும் குட்டிகளும் போக, பயிரை அதிகம் அழிக்கிற பெரிய ஆண் யானைகள் தங்கிவிடும், அல்லது திரும்பி வந்துவிடும். பருவகால வேலியை வயல்காரரே பார்த்துக்கொள்வார்கள். அறுவடைக்குப் பிறகு யானைக்கு ஒட்டுத்தாளை மேயவும் விடலாம். அதன் குறையையும் மறைக்காதீர்கள்: ஒரு வட்டைக்கு மட்டும் போட்டால் யானை பக்கத்து வட்டைக்குள் இறங்கும்.

படி 5: பரிந்துரை

யார், எதை, எப்போதைக்குள் என்ற மூன்றும் ஒரே வசனத்தில் வரவேண்டும். "மக்களிடையே விழிப்புணர்வு ஏற்படுத்தப்பட வேண்டும்" என்ற வசனத்தில் செய்கிறவரும் இல்லை, திகதியும் இல்லை. இப்படி எழுதிப் பாருங்கள்:

"ஆரம்பக் கூட்டத்தில், காட்டை ஒட்டிய அடுத்தடுத்த வட்டைகளைச் சேர்த்து ஒரே பருவகால வேலிக்குள் கொண்டுவரப் பிரதேச செயலாளர் தீர்மானம் எடுக்கவேண்டும். விதைப்புக்கு முன் விவசாய அமைப்புகள் பராமரிப்பு முறையை எழுதித் தரவேண்டும்."

படி 4இல் சொன்ன குறைக்கு இங்கே பதில் வந்திருப்பதைக் கவனியுங்கள். எழுதியதும் இதை வெட்டித் தலைப்புக்குக் கீழே முதல் வரியாக ஒட்டிவிடுங்கள். கூட்டத்துக்குப் போகும் வழியில் வாசிக்கிறவர் கடைசிவரை வருவார் என்று நம்பமுடியாது.

படி 6: வெட்டுவது

12 அளவு எழுத்தில் ஏ4 தாளுக்குத் தமிழில் ஏறக்குறைய 300 சொல் அடங்கும். எழுத்தைச் சிறிதாக்கி ஏமாற்றவேண்டாம். முதலில் போகவேண்டியது வரலாறு, அப்புறம் குழுவின் அறிமுகம், அப்புறம் ஒரே விடயத்தைச் சொல்லும் இரண்டாவது எண். காரணத்தைச் சொல்லும் வசனத்தில் மட்டும் கைவைக்காதீர்கள்.

அறிக்கை சொன்னதையும் நீங்கள் சேர்த்ததையும் பிரித்துக் காட்டுங்கள். பருவகால வேலி செயற்றிட்டத்தில் உள்ளது. வட்டைகளைச் சேர்க்கும் யோசனை உங்களுடையது என்றால் "எமது கருத்து" என்றே எழுதுங்கள்.

கடைசியில், அறிக்கையை வாசிக்காத ஒருவரிடம் பக்கத்தைக் கொடுங்கள். வயல் செய்கிற மாமாவோ, தெரிந்த வட்டவிதானையோ நல்லது. அவர் "சரி, கம்பியில கொடி படர்ந்தா யார் வெட்டுறது?" என்று கேட்டு, அதற்குப் பதில் பக்கத்தில் இல்லையென்றால் பரிந்துரையில் ஒரு வசனம் சேருங்கள். அதற்கு இடம் வேண்டுமே, தெரிவுகளிலிருந்து ஒரு வசனத்தை எடுத்துவிடுங்கள்.