ரத்த அழுத்தம் 8 புள்ளி குறைந்தது, எல்லாமே யோகாவாலா?

ஒரு முகாமில் வந்தவர்களுக்கெல்லாம் ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மேல் அளவு 140-ஐத் தாண்டியவர்களை மட்டும் சேர்த்து எட்டு வாரம் யோகா. முடிவில் சராசரி 8 புள்ளி குறைந்திருக்கிறது. ஒப்பிட வேறு குழு கிடையாது. “யோகா 8 புள்ளி குறைத்தது” என்று அறிக்கையில் எழுதிவிடுவதுதான் முதல் தவறு.

அழுத்தம் நாளுக்கு நாள் ஏறி இறங்குவது. வழக்கமாக 134 இருப்பவர் அன்றைக்கு மட்டும் 143 காட்டியிருந்தால் பட்டியலில் வந்துவிடுவார். வழக்கமாக 144 இருந்து அன்று 137 காட்டியவர் வரவே மாட்டார். ஆகவே சேர்ந்தவர்களில் தற்செயலாக ஏறியிருந்தவர்களே அதிகம். எதுவுமே செய்யாமல் மறுபடி அளந்தாலும் இவர்களின் சராசரி இறங்கும். சராசரிக்குத் திரும்புதல் என்பது இதுதான்.

எவ்வளவு இறங்கும்? ஊர்ச் சராசரி 130, ஆளுக்கு ஆள் அளவு எவ்வளவு சிதறியிருக்கிறது என்று காட்டும் திட்ட விலக்கம் 15, ஒரே ஆட்களின் இரண்டு நாள் அளவீடுகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் ஒட்டுறவு 0.7 என்போம். இயல்நிலைப் பரவலில் 140-ஐத் தாண்டியவர்களின் சராசரி சுமார் 149 வரும். ஊர்ச் சராசரியிலிருந்து 19 புள்ளி மேலே. ஒட்டுறவு 0.7 என்பதால் மறுமுறை அளக்கும்போது அதில் சராசரியாக 0.7 பங்குதான் நிற்கும். மீதி (1 − 0.7) பங்கு, அதாவது 5.7 புள்ளி, தானாகவே இறங்கிவிடும். யோகாவுக்கு மிஞ்சுவது 2.3. அதிலும் மாத்திரை ஒழுங்காகப் போட ஆரம்பித்தவர்கள், அளக்கும்போது இருந்த பதற்றம் போனவர்கள் எல்லாம் கலந்திருப்பார்கள்.

இந்த 0.7 என்ற எண்ணை, யோகாவில் சேர்ந்தவர்களின் முன்–பின் அளவுகளிலிருந்து எடுக்கக் கூடாது. 140-க்குக் கீழே வெட்டிவிட்டதால் அங்கே ஒட்டுறவு குறைவாகத்தான் தெரியும். சிகிச்சை இல்லாமல், யாரையும் கழிக்காமல் இரண்டு முறை அளந்த தரவு வேண்டும்.

“p மதிப்பு 0.001 வந்திருக்கிறதே” என்பார்கள். உண்மையில் சராசரி மாறவே இல்லையென்றால் இவ்வளவு குறைவு தற்செயலாக வருவது எவ்வளவு அரிது என்று மட்டும் அது சொல்லும், ஏன் குறைந்தது என்று சொல்லாது. ஆட்களைக் கூட்டினால் இந்த 5.7 இன்னும் உறுதியாகத் தெரியுமே தவிர மறையாது. “அதிகம் இருந்தவர்களுக்கே அதிகப் பலன்” என்ற வரியும் அதே ரகம்: யோகாவே இல்லாவிட்டாலும் உச்சத்தில் இருந்தவர்கள்தான் அதிகம் இறங்குவார்கள்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. எல்லா முன்–பின் ஆய்வையும் இதைச் சொல்லியே ஒதுக்குவது. அளவைப் பார்க்காமல், வந்த எல்லோரையும் சேர்த்திருந்தால் குழுச் சராசரி இப்படி இறங்கக் காரணமே இல்லை. ஆனால் உடம்பு மோசமான நாளில் தாமாகத் தேடி வந்தவர்கள் என்றால், அதுவும் ஒரு தேர்வுதான்.

ஒப்பீட்டுக் குழு வைக்கவே முடியாதென்றால், முதல் அளவை, ஆட்களைச் சேர்ப்பதற்கு மட்டும் பயன்படுத்துங்கள். இன்னொரு நாள் மீண்டும் அளந்து, அதைத் தொடக்க அளவாக வையுங்கள். ஐந்து நிமிடம் கழித்து அளந்தால் போதாது. அன்றைய ஏற்றம் இரண்டாவது அளவிலும் ஓரளவு தொடரும்.