வாரச் சொற்பொழிவுக்கு ஒரு வரி போதும்

தோட்ட டேவானில் வெள்ளிக்கிழமை பஜனைக்குப் பிறகு பேசப் போகிறீர்களா? ‘யாவர்க்குமாம் இறைவற்கு ஒரு பச்சிலை’ என்ற திருமந்திரப் பாட்டு நான்கு எளிய அறங்களைச் சொல்கிறது: பச்சிலை, பசுவுக்கு ஒரு வாய் புல், உண்ணும்போது பிறருக்கு ஒரு கைப்பிடி, இன்சொல். நான்கையும் எடுத்தால் கதை சிதறிவிடும். கைப்பிடியை மட்டும் எடுங்கள்.

முதலில் கதை. செம்பனைக் குலை அறுக்கப் போகும் கணவருக்குச் சோறு கட்டும் அக்கா, புதிதாக வந்த வங்காளதேசத் தொழிலாளிக்கும் சேர்த்து ஒரு பிடி அள்ளிப் போடுகிறார். தூக்குச்சட்டி மூடி சரியாக மூடவில்லை; அழுத்தி மூடுகிறார். அவ்வளவுதான். அடுத்து பாட்டைச் சொல்லுங்கள். விளக்கம் இரண்டு வாக்கியம் போதும். பாட்டை முன்னால் சொன்னால் முடிவு தெரிந்துவிடும், பிள்ளைகள் கைப்பேசியை எடுத்துவிடுவார்கள்.

பிரசாதம் கொடுக்கும்போது ஒரு பிள்ளையிடம் கதையைக் கேளுங்கள். மூடியைச் சொல்லிப் பிடிச்சோற்றை விட்டுவிட்டால், அடுத்த வாரம் வர்ணனையைக் குறையுங்கள்.