பகிர்ந்த ஆவண இணைப்பில் ஏமாறும்போதும் ஏமாந்தபின்னும் செய்யும் தவறுகள்

போன வாரம் புதிதாகச் சேர்ந்த உதவியாளர் ஒருவர், "சார், அந்தக் கணக்கின் கடவுச்சொல்லை மாற்றிவிட்டேன், பிரச்சினை முடிந்தது" என்றார். எனக்குச் சுருக்கென்றது. சில ஆண்டுகளுக்கு முன் நானும் இதே வாக்கியத்தை இதே நிம்மதியோடு சொன்னவன்தான். எழுத்துப்பிழை உள்ள அஞ்சல், தெரியாத அனுப்புநர் போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். அவற்றில் இப்போது அதிகம் பேர் விழுவதில்லை.

தெரிந்தவர் அனுப்பியது என்று திறப்பது

ஆவணம் பகிர்ந்ததாகச் சொல்லிக் கடவுச்சொல்லைத் திருடும் அஞ்சல் பெரும்பாலும் தெரிந்தவரிடமிருந்துதான் வருகிறது. அவருடைய அஞ்சல்பெட்டி முந்தின நாள் திருடப்பட்டிருக்கும். திருடியவன் அவருடைய உண்மையான ஷேர்பாயின்ட்டிலோ கூகுள் டிரைவிலோ ஒரு கோப்பை வைத்து அங்கிருந்தே பகிர்கிறான். எனவே அனுப்புநர் முகவரி, முதல் இணைப்பு இரண்டுமே அசல். கோப்பைத் திறந்தால் மங்கலான ஒரு பக்கமும் "ஆவணத்தைக் காண்க" என்ற பொத்தானும் இருக்கும். போலிப் பக்கம் அந்தப் பொத்தானுக்குப் பின்னால் இருக்கிறது. முகவரிப் பட்டையைப் பார்க்க வேண்டிய இடம் அதுதான்: `login.microsoftonline.com` அல்லது `accounts.google.com` என்பதை அடுத்து உடனே சாய்கோடு வர வேண்டும். புள்ளி வைத்து வேறு பெயர் தொடர்ந்தால் அது வேறொருவனின் தளம்.

கைப்பேசிக்குக் குறியீடு வந்ததால் நம்புவது

போலிப் பக்கம் நடுவில் நின்று, நீங்கள் தட்டுவதை அந்த நொடியே அசல் தளத்துக்குக் கடத்துகிறது. அதனால் உங்கள் நிறுவனத்தின் சின்னம் தெரியும், குறியீடும் உண்மையாகவே வரும். நீங்கள் நுழைந்துவிட்டதற்கு அடையாளமாக அசல் தளம் தரும் அமர்வுக் குக்கீயும் திருடன் கைக்குப் போய்விடும்.

கடவுச்சொல் நிர்வாகி நிரப்பாதபோது கையால் ஒட்டுவது

முகவரி பொருந்தவில்லை என்று அது நிரப்ப மறுத்ததே எச்சரிக்கை. மூடுங்கள்.

கடவுச்சொல்லை மாற்றியதும் எழுந்து போவது

கணக்குப் பிரிவில் இருந்த ஒரு பெண்மணி, ஒரு புதன்கிழமை மதியம் விநியோகஸ்தர் அனுப்பிய விலைப்பட்டியலைத் திறக்கப்போய் மேற்சொன்ன வழியில் மாட்டிக்கொண்டார். சந்தேகம் வந்து அவரே என்னிடம் சொன்னார். அதற்குள் நாற்பது நிமிடம் ஓடியிருந்தது. கடவுச்சொல்லை மாற்றினேன், அவரைப் பாராட்டினேன், தேநீர் குடிக்கப் போனேன்.

ஒன்பது நாள் கழித்து ஒரு வாடிக்கையாளர் தொலைபேசியில், "உங்கள் புதிய வங்கிக் கணக்கில் பணம் போட்டுவிட்டோம், ரசீது எங்கே?" என்று கேட்டார். புதிய கணக்கு என்று எங்களுக்கு ஒன்றும் கிடையாது.

பெட்டியைத் துழாவினால், பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஒரு புள்ளியோடு ஒரு விதி இருந்தது. `invoice`, `payment`, `bank` என்ற சொற்கள் உள்ள எந்த அஞ்சல் வந்தாலும் படித்ததாகக் குறித்து, யாருமே எட்டிப் பார்க்காத `RSS Feeds` கோப்புறைக்குத் தள்ளு என்பது அதன் வேலை. அந்த நாற்பது நிமிடத்தில் அவன் மூன்று வாடிக்கையாளர்களுக்கு வங்கிக் கணக்கு மாறியதாகக் கடிதம் அனுப்பி, அனுப்பிய தடயத்தையும் அழித்திருந்தான். "இது உண்மைதானா?" என்று அவர்கள் கேட்டு எழுதிய அஞ்சல்கள் அந்தக் கோப்புறையில் வரிசையாகக் கிடந்தன. பதில் வராததைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு ஒருவர் பணம் அனுப்பிவிட்டார். என் புதிய கடவுச்சொல் அவனை வெளியே தள்ளியது உண்மைதான். விதி தன்பாட்டுக்கு ஒன்பது நாளும் வேலை செய்துகொண்டிருந்தது.

இன்னும் எரிச்சல் தருவது, அதே பெட்டியின் பாதுகாப்பு விவரத்தில் அவன் தன் கைப்பேசியை இரண்டாவது அங்கீகாரக் கருவியாகச் சேர்த்திருந்ததுதான். கடவுச்சொல்லை மாற்றினால் அதுவும் போவதில்லை. பெட்டியைப் படிக்க அனுமதி பெற்ற வெளிச்செயலி ஏதாவது இருந்தால் அதுவும் அப்படியே நிற்கும்.

ஆகவே இப்போது மைக்ரோசாஃப்ட் 365 கணக்கென்றால், கடவுச்சொல்லை மாற்றிய கையோடு அமர்வுகளை ரத்து செய்கிறேன், மறைந்திருக்கும் விதிகளையும் சேர்த்துப் பார்க்கிறேன்:

```
Revoke-MgUserSignInSession -UserId user@example.com
Get-InboxRule -Mailbox user@example.com -IncludeHidden
```

ரத்து செய்த பிறகும் ஏற்கெனவே கொடுக்கப்பட்ட அணுகல் டோக்கன் சுமார் ஒரு மணி நேரம் உயிரோடு இருக்கலாம். அதனால் விதிகளை ஒரு முறை பார்த்துவிட்டு ஓய்வதில்லை, மறுநாளும் பார்க்கிறேன். பிறகு அங்கீகாரக் கருவிகள், செயலி அனுமதிகள். கடைசியாக, அந்த இடைவெளியில் பெட்டியிலிருந்து வெளியே போனவை எவை என்று சர்வரின் அஞ்சல் தடப் பதிவில் தேடுகிறேன். அனுப்பியவை கோப்புறை சுத்தமாக இருப்பதை நான் நம்புவதில்லை.

அதே அஞ்சலுக்குப் பதில் எழுதி, "நீங்கள்தான் அனுப்பினீர்களா?" என்று கேட்பது

"ஆம்" என்று பதில் எழுதுபவன் அவனாகவே இருக்கலாம். உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் எண்ணில் தொலைபேசியில் பேசுங்கள்.