சம்பளம் தள்ளிப்போகும்போது செய்யக் கூடாத தவறுகள்: நிலுவையை மாதவாரியாக எழுதிவைப்பது எப்படி?

சம்பள பாக்கி வழக்குகளில் பலரும் தடுமாறும் கேள்வி ஒன்று உண்டு: "எந்த மாதத்துக்கு எவ்வளவு வரவேண்டும்?" நாலு மாதமாக இழுத்தடிக்கப்பட்டவர்கூட "மொத்தம் ஐம்பது, அறுபதாயிரம் இருக்கும் சார்" என்றுதான் ஆரம்பிப்பார். எதிரில் நிறுவனத்தின் கணக்காளர் ஒரு காகிதத்தோடு உட்கார்ந்திருப்பார். அந்தக் காகிதத்தில் இருக்கும் தொகை தவறாகவே இருந்தாலும், பேச்சு அதிலிருந்துதான் தொடங்கும். ஆகவே முதல் தவறு, நிலுவையை மொத்தத் தொகையாக மனத்தில் வைத்திருப்பது.

கெடு தேதி என்ன என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள ஊதியச் சட்டத் தொகுப்பு, 2019-இன்படி, மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் வந்துவிட வேண்டும். பழைய 1936-ஆம் ஆண்டுச் சட்டம் மாதம் ரூ.24,000 வரை வாங்குபவர்களுக்குத்தான் பொருந்தியது. இப்போது அந்த உச்சவரம்பு இல்லை, மேற்பார்வையாளரும் மேலாளரும்கூட இதற்குள் வருவார்கள். "எங்கள் கம்பெனியில் 20-ஆம் தேதிதான் வழக்கம்" என்ற பதில் சட்டப்படி செல்லாது. வேலையை விட்டாலோ நீக்கப்பட்டாலோ பாக்கிச் சம்பளத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் தர வேண்டும்.

இனி கணக்குக்கு வருவோம். கோயம்புத்தூரில் நாற்பது பேர் வேலை செய்யும் ஒரு நிறுவனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊழியரின் மொத்தச் சம்பளம் ரூ.28,000. பிஎஃப் பிடித்தம் ரூ.1,800 போகக் கைக்கு வருவது ரூ.26,200. 2026 ஜனவரிச் சம்பளம் தாமதமாக வந்தாலும் முழுதாக வந்துவிட்டது. பிப்ரவரிச் சம்பளத்தில் மார்ச் 20 அன்று ரூ.10,000 மட்டும் வந்தது. ஏப்ரல் 24 அன்று இன்னொரு ரூ.15,000 வந்தது. அதன் பிறகு எதுவும் இல்லை. மே 10 அன்று அவருடைய நிலுவைத் தாள் இப்படி இருக்க வேண்டும்:

| தேதி | விவரம் | வரவேண்டியது | வந்தது | மீதி |
|---|---|---|---|---|
| 07.03.2026 | பிப்ரவரி சம்பளம் | 26,200 | – | 26,200 |
| 20.03.2026 | வங்கி வரவு, பிப்ரவரிக்கு | – | 10,000 | 16,200 |
| 07.04.2026 | மார்ச் சம்பளம் | 26,200 | – | 42,400 |
| 24.04.2026 | வங்கி வரவு, பிப்ரவரிக்கு | – | 15,000 | 27,400 |
| 07.05.2026 | ஏப்ரல் சம்பளம் | 26,200 | – | 53,600 |

தாளின் அடியில் ஒரு வரி: பிப்ரவரி பாக்கி 1,200, மார்ச் 26,200, ஏப்ரல் 26,200, ஆக மொத்தம் 53,600. சம்பளம் கிடைக்கவேண்டிய கெடு தேதியிலேயே அந்த மாதத் தொகையை ஏற்றுவதைக் கவனியுங்கள். எத்தனை நாள் தாமதம் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையிராது, தாளே சொல்லிவிடும். ஒவ்வொரு வரவுக்கும் வங்கி அறிக்கையில் இருக்கும் பரிவர்த்தனை எண்ணை விவரத்தோடு சேர்த்து எழுதிவிட்டால், அதை யாரும் மறுக்க முடியாது.

இந்தத் தாளில் சிக்கலான வரி ஏப்ரல் 24-தான். பகுதிப் பணம் வரும்போது அது எந்த மாதத்துக்கு என்பதைப் பேசாமல் விட்டுவிடுவது, இழப்பு அதிகம் தரும் தவறு. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 59 முதல் 61 வரையிலான பிரிவுகள் இதற்கு ஒரு வரிசை வைத்திருக்கின்றன. பணம் தருபவர் இன்ன கடனுக்கு என்று சொல்லித் தந்தால் அதற்கே போகும். அவர் சொல்லாவிட்டால், பெறுபவர் தீர்மானிக்கலாம். இருவருமே சொல்லாவிட்டால் பழைய பாக்கியிலிருந்து வரிசையாகக் கழியும். நம் ஊழியர் இரண்டு தொகைகளையும் பிப்ரவரிக்கு வைத்தது இதனால்தான்.

ஆனால் வங்கி அறிக்கையில் அந்த ரூ.15,000-க்கு எதிரே `ADVANCE` என்று இருந்தால்? அப்படியே விட்டால், பின்னால் கணக்கு முடிக்கும்போது "முன்பணம் கொடுத்தோம், அதைக் கழித்துக்கொண்டோம், மூன்று மாத பாக்கியை நீங்கள் இன்னும் நிரூபிக்கவில்லை" என்று பேச்சு திரும்பும். செலுத்தவேண்டிய சம்பளம் ஏற்கெனவே நிலுவையில் இருக்கும்போது வரும் பணம் முன்பணம் ஆகாது. அதை அன்றைக்கோ மறுநாளோ எழுத்தில் சொல்லிவிட வேண்டும்:

"24.04.2026 அன்று என் வங்கிக் கணக்கில் ரூ.15,000 வரவானது. நான் முன்பணமோ கடனோ கேட்கவில்லை. இதை 2026 பிப்ரவரிச் சம்பள பாக்கியில் வரவு வைத்துள்ளேன். இதன்பிறகு பிப்ரவரிக்கு ரூ.1,200, மார்ச் மாதத்துக்கு ரூ.26,200 பாக்கி உள்ளது. இதில் வேறுபாடு இருந்தால் உங்கள் கணக்கை எழுத்தில் தெரிவிக்கவும்."

இவ்வளவு போதும். வீட்டு வாடகை, பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸ், கோபம் எதுவும் இந்தக் கடிதத்தில் வேண்டாம். அவை உண்மைதான், ஆனால் பதில் எழுதுபவர் அவற்றுக்கு ஆறுதல் சொல்லிவிட்டுத் தொகையைத் தொடாமல் நழுவ வழியாகிவிடும். தேதி, தொகை, மாதம் மட்டுமே உள்ள கடிதத்துக்குத் தொகையால்தான் பதில் சொல்ல முடியும். பதிலே வராவிட்டாலும், மறுப்பு வரவில்லை என்பது உங்கள் பக்கம் நிற்கும்.

நேரில் பலமுறை கேட்டதாகச் சொல்பவர்களிடம் அதற்கான ஒரு வரிகூட எழுத்தில் இருப்பதில்லை. எச்ஆரிடம் நேரில் பேசினால், அன்று மாலையே "இன்று பேசியபடி, மே 20-க்குள் மார்ச் சம்பளம் தருவதாகச் சொன்னீர்கள்" என்று ஒரு மெயில் போடுங்கள். மெயிலை அலுவலக முகவரியிலிருந்து மட்டும் அனுப்பாதீர்கள், உங்கள் சொந்த முகவரிக்கும் நகல் வையுங்கள். வேலை போன அன்று முதலில் மூடப்படுவது அலுவலக மெயிலும் எச்ஆர் தளமும்தான். சம்பளச் சீட்டு, நியமனக் கடிதம், சம்பள உயர்வுக் கடிதம், வருகைப் பதிவு இவற்றை உள்ளே இருக்கும்போதே இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் விவரம், வடிவமைப்புக் கோப்பு போன்ற நிறுவன ஆவணங்களை எடுக்காதீர்கள். அது உங்கள் மேலேயே புகாராகத் திரும்பும்.

சம்பளம் வராத மாதத்துக்கும் சில தளங்களில் சீட்டு தானாக உருவாகும். "கிரெடிட் ஆகிவிட்டது" என்றுகூட அதில் போட்டிருக்கும். அதைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. இன்ன மாதத்துக்கு இவ்வளவு சம்பளம் என்று நிறுவனமே ஒப்புக்கொண்ட ஆவணம் அது. பணம் வரவில்லை என்பதை வங்கி அறிக்கை காட்டும். இரண்டையும் சேர்த்தே வையுங்கள். ஆனால் தளத்தில் "பெற்றுக்கொண்டேன்" என்ற பொத்தான் இருந்தால் அதை அழுத்தாதீர்கள்.

கையில் ரொக்கம் தருகிற இடங்களில் வவுச்சர்தான் கண்ணி. தொகை எழுதாத வவுச்சரில் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்து கேட்பார்கள். கையெழுத்துக்குப் பக்கத்திலேயே "பிப்ரவரி 2026 சம்பளத்தில் ரூ.10,000 மட்டும், 20.03.2026" என்று உங்கள் கையால் எழுதி, ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். எழுத விடவில்லையென்றால், பெற்ற தொகையைக் குறிப்பிட்டு அன்றே வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்புங்கள். அந்த உரையாடலில் செய்திகள் தானாக அழியும் வசதி போடப்பட்டிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். "முழுமையாகவும் இறுதியாகவும் பெற்றுக்கொண்டேன்" என்ற வாசகம் உள்ள தாளில், முழுத் தொகை கணக்கில் ஏறும் முன் கையெழுத்துப் போடுவது, பிறகு சரிசெய்யப் பெரும்பாடு படவேண்டிய தவறு.

பிஎஃப் தொகையைச் சம்பள பாக்கியோடு கூட்டிவிடுபவர்களும் உண்டு. அதைத் தனித் தாளில் வையுங்கள். ஒரு மாதப் பங்களிப்பை அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் நிறுவனம் கட்ட வேண்டும். சம்பளத்தைத் தராமல் வைத்திருப்பது அதைக் கட்டாமலிருக்கக் காரணமாகாது. நம் உதாரணத்தில் மே 10 அன்று பிஎஃப் பாஸ்புக்கில் பிப்ரவரியும் மார்ச்சும் இல்லையென்றால், ஊழியர் பங்கு 1,800, நிறுவனப் பங்கு 1,800 என இரண்டு மாதத்துக்கு ரூ.7,200 கட்டப்படவில்லை. ஏப்ரலுக்கு இன்னும் கெடு இருக்கிறது, அதைச் சேர்க்காதீர்கள். இந்தப் புகார் போகவேண்டிய இடம் இபிஎஃப்ஓ. பாஸ்புக்கில் பணம் ஏறியிருந்தால் அதுவும் உங்களுக்குச் சாதகமே, அந்த மாதம் நீங்கள் வேலையில் இருந்ததை நிறுவனமே பதிவுசெய்திருக்கிறது என்று பொருள். பயணப்படி, இன்சென்டிவ் போன்ற தகராறுக்குரிய தொகைகளையும் இதேபோல் தனியாக வைப்பது நல்லது. நிறுவனம் மறுக்க முடியாத சம்பளத்தோடு மறுக்கக்கூடிய ஒன்றைக் கலந்தால், மொத்தமும் தகராறாகிவிடும்.

கோபத்தில் திடீரென்று வேலைக்குப் போகாமல் நின்றுவிடாதீர்கள். "சொல்லாமல் ஓடிவிட்டார், நோட்டீஸ் காலச் சம்பளத்தைக் கழிக்கிறோம்" என்று சொல்ல நிறுவனத்துக்கு அதுவே போதும். விலகுவதென்றால் சம்பளம் தராததே காரணம் என்று பாக்கித் தொகையைக் குறிப்பிட்டு ராஜினாமா கடிதம் கொடுங்கள். "சொந்தக் காரணங்களுக்காக" என்று எழுதாதீர்கள்.

மெயிலுக்குப் பதில் இல்லையென்றால், நிலுவைத் தாளை இணைத்து, பதினைந்து நாள் கெடு கொடுத்து, நிறுவனத்தின் பதிவு அலுவலக முகவரிக்கு ஸ்பீடு போஸ்ட்டில் ஒப்புகையோடு ஒரு கடிதம் அனுப்புங்கள். அதன்பிறகு தொழிலாளர் துறையின் மாவட்ட அலுவலகம். தனியார் நிறுவனங்கள் பெரும்பாலும் மாநிலத் துறையின் கீழ் வரும். வங்கி, சுரங்கம், ரயில்வே போன்றவை மத்திய தொழிலாளர் ஆணையரகத்தின் கீழ் வரும். புதிய சட்டத் தொகுப்பின் 45-ஆவது பிரிவின்படி கோரிக்கை மனுவை மூன்று ஆண்டுகளுக்குள் கொடுக்கலாம். ஊழியரே கொடுக்கலாம், பதிவுபெற்ற தொழிற்சங்கமும் கொடுக்கலாம். ஒரே நிறுவனத்தில் பலருக்குப் பாக்கி என்றால் எல்லோருக்கும் சேர்த்து ஒரே மனு போதும், ஆளுக்கொரு நிலுவைத் தாள் மட்டும் தனித்தனியாக இணைய வேண்டும். பாக்கியோடு அதைப்போல் பத்து மடங்கு வரை இழப்பீடு தர உத்தரவிட அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. அது உச்ச அளவுதான், பத்து மடங்கு கிடைத்துவிடும் என்று எண்ணி வரும் சமரசத்தை உதறாதீர்கள். சம்பளம் கொடுத்தாகிவிட்டது என்று நிரூபிக்கும் பொறுப்பை இந்தச் சட்டம் நிறுவனத்தின் மேல்தான் வைத்திருக்கிறது.

மூன்று ஆண்டு இருக்கிறதே என்று காத்திருப்பதும் தவறுதான். அதற்குள் நிறுவனம் கதவை மூடலாம், திவால் நடவடிக்கைக்குள்ளும் போகலாம். திவால் நடவடிக்கை தொடங்கிவிட்டால், பொது அறிவிப்பில் சொல்லும் தேதிக்குள் தீர்வு அலுவலரிடம் உங்கள் கோரிக்கையைத் தனியே தாக்கல் செய்ய வேண்டும். அங்கேயும் அவர்கள் முதலில் கேட்பது மாதவாரிக் கணக்கையும் வங்கி அறிக்கையையும்தான்.